448-க்கு எத்தனை சதவீதம்?

நான் அரிசி மண்டியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். வகுத்தலும் பெருக்கலும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்த ஆண்டு என் மகளின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தபோதுதான், கணக்கே தெரியாதவனைப்போல நின்றேன். பட்டியல் ஒன்று, எண்கள் ஆறு. அதற்கு எத்தனை சதவீதம் என்று கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள். ஒருவர் கணக்கில் என் மகள் தகுதியுள்ளவள். இன்னொருவர் கணக்கில் தகுதியற்றவள். அவள் எழுதிய தேர்வு ஒன்றுதானே?

எண்களை அப்படியே வைக்கிறேன், நீங்களே கூட்டிப் பாருங்கள். தமிழ் 84, ஆங்கிலம் 56, கணிதம் 79, இயற்பியல் 73, வேதியியல் 76, கணினி அறிவியல் 80. மாநிலப் பாடத்திட்டம். கூட்டினால் 600-க்கு 448.

ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியலுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்றும், பிளஸ் டூவில் 75 சதவீதம் இருந்தால் போதும் என்றும் அவர்களுடைய கையேட்டில் அச்சிட்டிருந்தது. அதை நம்பித்தான் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கால்குலேட்டரைத் தட்டினார். 74.67 வந்தது. "ஆறு பாடத்துக்கும் சேர்த்துதான் சார் பார்ப்போம். 450 வேணும். ரெண்டு மார்க் குறையுது" என்றார். முழு எண்ணாக்கி 75 என்று வைத்துக்கொள்ளக் கூடாதா என்று என் மனைவி கேட்டாள். "ரவுண்ட் பண்றதெல்லாம் கிடையாதும்மா" என்று விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டினார். கையேட்டை மறுபடி புரட்டிப் பார்த்தேன். '75 சதவீத மொத்த மதிப்பெண்' என்று மட்டும்தான் இருந்தது. எந்தப் பாடங்களின் மொத்தம் என்று ஒரு சொல்கூட இல்லை.

அந்த வார்த்தை இல்லாததால் என்ன நடக்கிறது தெரியுமா? இதே ஆறு எண்களை வைத்துக்கொண்டு எத்தனை சதவீதம் செய்யலாம் என்று அன்றிரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

ஆறு பாடமும் சேர்த்தால் 74.67. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றை மட்டும் எடுத்தால் 300-க்கு 228, அது 76. மொழிகளை விட்டுவிட்டு நான்கு முதன்மைப் பாடங்களை எடுத்தால் 400-க்கு 308, அது 77. அதிக மதிப்பெண் உள்ள ஐந்து பாடம் என்றால் ஆங்கிலம் கழியும், 500-க்கு 392, அது 78.4. ஐந்து பாடம்தான், ஆனால் அதில் மொழி ஒன்றுதான், அது ஆங்கிலம் என்று சொன்னால் தமிழ் கழிந்து 500-க்கு 364, 72.8-க்கு இறங்கிவிடுகிறது. ஒரே பெண், ஒரே தேர்வு, 72.8-லிருந்து 78.4 வரை. நடுவில் 75 என்று கோடு கிழிக்கிறவர், எந்தக் கணக்கில் கிழிக்கிறேன் என்று சொல்லாமல் கிழித்தால் அதற்குப் பெயர் தகுதி நிர்ணயமா?

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தெளிவாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற இடங்களுக்கும் 75 சதவீத விதி உண்டு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அது 65. ஆனால் அங்கே எந்த ஐந்து பாடங்கள் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இயற்பியல், வேதியியல், கணிதம், ஒரு மொழி, இவை நான்கும் அல்லாத இன்னொரு பாடம். இரண்டு மொழி படித்திருந்தால் எதில் மதிப்பெண் அதிகமோ அது கணக்கில் வரும். ஐந்தாவது பாடத்துக்கும் அப்படியே. இந்த விதியில் என் மகளுக்குத் தமிழின் 84 சேர்கிறது, ஆங்கிலத்தின் 56 போகிறது. 78.4. நுழைவுத் தேர்வில் அவள் அவ்வளவு தூரம் போகவில்லை, அது வேறு. நாட்டின் உச்சியில் இருக்கிற நிறுவனங்களே மதிப்பெண் தகுதி உண்டு என்று ஏற்றுக்கொள்கிற பெண்ணை, அவற்றுக்குப் பல படி கீழே இருக்கிற ஒரு நிறுவனம் தகுதியில்லை என்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மாநில அரசின் பொறியியல் கலந்தாய்விலும் குழப்பமில்லை. தகுதிக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றின் சராசரி. பொதுப் பிரிவுக்கு 45, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40. தரவரிசைக்குக் கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக, ஆக 200-க்குக் கட்-ஆஃப். என் மகளுக்கு 79, 36.5, 38, கூட்டினால் 153.5. இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் போடும். கட்-ஆஃப் குறைவு என்று இங்கே அவளுக்கு விரும்பிய கல்லூரி கிடைக்காமல் போனால் நான் வாய் திறக்க மாட்டேன். விதி என்னவென்று அவள் பதினொன்றாம் வகுப்பில் சேரும்போதே தெரியும். அந்த விதியில் தோற்றால் அது தோல்விதான். தெரியாத விதியில் தோற்கடிப்பது அநியாயம்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று அன்று அதே வரிசையில் நடந்தது. எங்களுக்கு முன்னால் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் படித்த ஒரு பையன் நின்றிருந்தான். அவனுக்குச் சலுகை கிடைத்தது. நல்ல பையன், அவன்மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. அவனுடைய அப்பாவே பட்டியலைக் காட்டினார். ஆங்கிலம் 82, கணிதம் 71, இயற்பியல் 68, வேதியியல் 72, உடற்கல்வி 95. மொத்தம் 500-க்கு 388. 77.6 சதவீதம். பொறியியலுக்கு வேண்டிய மூன்று பாடங்களைக் கூட்டிப் பார்த்தால் அவனுக்கு 211, என் மகளுக்கு 228. பதினேழு மதிப்பெண் கூடுதலாக வாங்கியவள் வெளியே, குறைவாக வாங்கியவன் உள்ளே.

காரணம் அந்தப் பையனல்ல, பாட எண்ணிக்கை. சி.பி.எஸ்.இ.யில் ஐந்து பாடம் போதும். கட்டாயம் ஒரு மொழி. உடற்கல்வி அங்கே மற்றப் பாடங்களைப்போல 100 மதிப்பெண் பாடம்; எழுத்துத் தேர்வு 70, செய்முறை 30. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறு பாடம், அதில் இரண்டு மொழி. வீட்டில் யாரும் ஆங்கிலம் பேசாத, தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு ஆறாவது எண் எதுவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 'மொத்த மதிப்பெண்ணில் சதவீதம்' என்று பொதுவாகச் சொன்னால், ஐந்து படித்தவனுக்கு ஐந்தால் வகுக்கிறார்கள், ஆறு படித்தவளுக்கு ஆறால் வகுக்கிறார்கள். பார்வைக்குச் சமமான நீதி. ஆனால் அவன் எழுத வேண்டியிராத ஒரு தேர்வை இவள் எழுதினாள் என்பதற்காக இவளுக்குத் தண்டனை.

வாரியமாவது ஏதாவது சொல்கிறதா என்றால், சி.பி.எஸ்.இ. ஒட்டுமொத்த சதவீதமோ வகுப்போ தருவதில்லை. 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிவிப்பில் அதைத் தெளிவாகவே சொன்னது. ஐந்துக்கு மேல் பாடம் எடுத்திருந்தால் எந்த ஐந்தைச் சிறந்ததாகக் கொள்வது என்பதைச் சேர்க்கிற நிறுவனமோ வேலை தருகிறவரோ முடிவு செய்துகொள்ளலாம் என்றது. அதில் நியாயம் உண்டு. ஒவ்வொரு படிப்புக்கும் வேண்டிய பாடம் வேறு. ஆனால் முடிவு செய்கிற அதிகாரம் கிடைத்தவர்கள், முடிவை வெளியே சொல்லவும் வேண்டும் அல்லவா? மண்டியில் மூட்டை இறங்குமுன் எடையா, படியா, எந்த ஊர்ப் படி என்று பேசி முடித்துவிடுவோம். அளந்த பிறகு படியை எடுத்துக் காட்டினால் அந்த வியாபாரியிடம் அடுத்த முறை யாரும் சரக்கு இறக்க மாட்டார்கள்.

சரி, பாடங்களைச் சமமாக்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அவனுடைய 71-ம் இவளுடைய 79-ம் ஒரே அளவுகோலில் வந்த எண்களா? அதுவும் இல்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் கணிதத்துக்கு எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. சி.பி.எஸ்.இ.யில் எழுத்துத் தேர்வு 80, அகமதிப்பீடு 20. பள்ளியே போடுகிற மதிப்பெண் அங்கே இரட்டிப்பு. வினாத்தாளின் கடினம் வேறு, திருத்துகிறவர்களின் கை வேறு. இதனால் மாநிலப் பிள்ளைக்குத்தான் எப்போதும் நஷ்டம் என்று நான் சொல்ல வரவில்லை. வினாத்தாள் கடினமாக வந்த ஆண்டில் சி.பி.எஸ்.இ. பிள்ளைகளின் பெற்றோரும் இதே குமுறலோடு நிற்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட ஒரு முறை வேண்டும் என்பதுதான் பேச்சு.

அதற்கு ஒரு சட்டமே இருக்கிறது. நுழைவுத் தேர்வை ஒழித்துவிட்டு பிளஸ் டூ மதிப்பெண்ணால் தொழிற்படிப்புகளில் சேர்க்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2006-ல் கொண்டுவந்த சட்டம். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் ஏது என்று யோசித்துச் செய்த நல்ல காரியம். பல வாரியங்களின் மதிப்பெண்களைச் சமன்படுத்த அதில் ஒரு வழி சொல்லியிருக்கிறது. ஒரு பாடத்தில் ஒவ்வொரு வாரியத்திலும் யார் முதல் மதிப்பெண் என்று பார். மற்ற வாரியத்தின் முதல் மதிப்பெண்ணை மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண்ணுக்குச் சமமாக வை. மற்றப் பிள்ளைகளின் மதிப்பெண்ணை அதே விகிதத்தில் மாற்று. சட்டத்திலேயே உதாரணம் உண்டு: மாநில வாரியத்தில் இயற்பியலில் முதல் மதிப்பெண் 100, இன்னொரு வாரியத்தில் 90 என்றால் அந்த 90-ம் 100 ஆகும், அங்கே 60 வாங்கிய பிள்ளைக்கு 60-ஐ 90-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கி 66.66 கிடைக்கும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு ஒரே ஒரு பிள்ளையைப் பார்க்கிறது, அந்த வாரியத்தின் முதல் பிள்ளையை. மீதி எல்லாரும் எப்படி எழுதினார்கள் என்று பார்ப்பதே இல்லை. இன்று பெரிய வாரியங்களில் ஏறக்குறைய எல்லாப் பாடத்திலும் யாராவது ஒருவர் சென்டம் வாங்கிவிடுகிறார். இரண்டு பக்கமும் 100 என்றால் 100-ஐ 100-ஆல் வகுத்து வருவது 1. எதையும் எதனோடும் சமன்படுத்தவில்லை. இருந்த எண் இருந்தபடியே இருக்கிறது. ஒரு வாரியத்தில் 90-க்கு மேல் வாங்கியவர்கள் ஆயிரம் பேர், இன்னொன்றில் ஐம்பதாயிரம் பேர் என்றாலும் இந்தச் சூத்திரத்துக்கு அது தெரியாது.

முதல் மதிப்பெண் 100-க்குக் கீழே இருக்கிற சின்ன வாரியத்தில் கதை இன்னும் விபரீதம். இயற்பியலில் அங்கே முதல் மதிப்பெண் 92 என்று வையுங்கள். 80 வாங்கிய பையனுக்குச் சமன்படுத்திய மதிப்பெண் 86.96. அந்த 92 வாங்கிய பிள்ளை காய்ச்சலில் தேர்வுக்கே வரவில்லை, அடுத்தவர் 88-தான் என்று வையுங்கள். அதே 80 இப்போது 90.91 ஆகிவிடும். முன்பின் தெரியாத ஒருவரின் காய்ச்சலால் ஏறக்குறைய நான்கு மதிப்பெண் ஏறுகிறது. ஒவ்வொரு அரை மதிப்பெண்ணிலும் பலர் நெருக்கியடித்து நிற்கிற தரவரிசையில் இது எத்தனை பேரின் இடத்தை மாற்றும்!

ஒரே வாரியத்துக்குள்ளேயே கூட இந்த எண்களை நம்ப முடிகிறதா? 2024-ல் நம் பிளஸ் டூ தேர்வில் வேதியியலில் சென்டம் வாங்கியவர்கள் 471 பேர். 2025-ல் 3,181 பேர். ஒரே ஆண்டில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வேதியியலில் ஆறேழு மடங்கு கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்களா? முந்தைய ஆண்டு தேறிவிட்டு அடுத்த ஆண்டு கலந்தாய்வுக்கு வந்த பிள்ளை, தன் பழைய மதிப்பெண்ணோடு இந்தக் கூட்டத்தில்தான் நின்றிருக்கும். இரண்டு ஆண்டிலும் முதல் மதிப்பெண் 100-தான் என்பதால் சூத்திரத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்று.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. எத்தனை மதிப்பெண் வாங்கினாய் என்று கேட்காமல், உன் வாரியத்தில் எத்தனை பேருக்கு மேலே நிற்கிறாய் என்று கேட்பது. பர்சன்டைல் என்கிறார்களே, அது. பத்தாயிரம் பேர் எழுதிய தேர்வில் 75 வாங்கிய ஒருவருக்குக் கீழே 8,000 பேர் இருக்கிறார்கள்; பத்தாயிரம் பேர் எழுதிய வேறொரு வாரியத்தில் அதே 75-க்குக் கீழே 6,000 பேர்தான். முன்னவர் 80-ல் நிற்கிறார், பின்னவர் 60-ல். இரண்டு 75-ம் ஒன்றல்ல என்பது இதில்தான் வெளியே தெரியும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கையில் 75 சதவீதம் இல்லாவிட்டாலும், தன் வாரியத்தில் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் 20 பர்சன்டைலுக்குள் இருந்தால் போதும் என்று மாற்று வழி வைத்திருப்பது இதனால்தான். மதிப்பெண்ணைக் கஞ்சத்தனமாகப் போடுகிற வாரியத்தின் பிள்ளை அதனால் சாகக் கூடாது என்பது எண்ணம். 2013 முதல் 2016 வரை ஜே.இ.இ. மெயின் தரவரிசையில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 40 சதவீதம் இடம் கொடுத்தபோதும் இப்படிப்பட்ட பர்சன்டைல் கணக்கைத்தான் பயன்படுத்தினார்கள். 2017 முதல் அதை விட்டுவிட்டார்கள்.

இதுவும் குற்றமற்றதல்ல. எல்லா வாரியத்திலும் படிக்கிற பிள்ளைகளின் திறமை ஒரே மாதிரி பரவியிருக்கிறது என்று இது நம்புகிறது. வடிகட்டிச் சேர்த்த பிள்ளைகள் மட்டும் படிக்கிற சின்ன வாரியத்தில் முதல் 20 பர்சன்டைலுக்குள் வருவது கஷ்டம். லட்சக்கணக்கில் எல்லா வகைப் பிள்ளையும் படிக்கிற பெரிய வாரியத்தில் அது வேறு. எந்த முறையை எடுத்தாலும் ஒரு பக்கம் இடிக்கும். எனக்கு அது புரிகிறது. இடிக்காத முறை கொண்டா என்று நான் கேட்கவில்லை. எந்த முறை என்று முன்பே சொல் என்றுதான் கேட்கிறேன்.

முன்பே சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த மாநிலமே சாட்சி. கேரளத்தில் பொறியியல் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு பிளஸ் டூ மதிப்பெண்ணையும் சேர்த்துத் தரவரிசை போடுவார்கள். பழைய சமன்படுத்தும் முறையில் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைகிறது என்று அங்கே நீண்ட காலப் புகார். அந்தப் புகாரில் நியாயம் இருந்தது. ஆனால் 2025-ல் அரசு முறையை மாற்றியது எப்போது? தேர்வெல்லாம் முடிந்து, தரவரிசை வெளியாகப்போகிற கடைசி நேரத்தில். ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. பழைய முறையில் மறுபடி தரவரிசை போட்டார்கள். மேலே இருந்த பிள்ளைகள் கீழே இறங்கினார்கள், கீழே இருந்தவர்கள் மேலே ஏறினார்கள். முதல் பட்டியலைப் பார்த்து இனிப்பு வாங்கிக் கொடுத்த வீடுகளில் அன்றிரவு என்ன பேசியிருப்பார்கள்? நல்ல நோக்கத்தோடு செய்த மாற்றமும் காலம் தப்பினால் அநியாயமாகிவிடுகிறது. அங்கே நீதிமன்றம் போக அமைப்புகள் இருந்தன, வழக்கறிஞர்கள் இருந்தார்கள். ஒரு கையேட்டின் அரைவரிக்காக நான் எந்தக் கோர்ட் படியேறுவது?

இரண்டு மதிப்பெண்தானே, ஆங்கிலத்தில் இன்னும் கொஞ்சம் படித்திருக்கலாமே என்று உறவினர் ஒருவர் சொன்னார். அந்தப் பேச்சுதான் என் மகளை உடைத்தது. கணிதத்தில் 79 வாங்கியவள், கணினியில் 80 வாங்கியவள், ஆங்கிலக் கடிதம் ஒன்றில் இரண்டு மதிப்பெண் விட்டதால் கணினிப் பொறியியல் சலுகைக்குத் தகுதியில்லை என்பதை அவளாலேயே நம்ப முடியவில்லை. தவறு தன்னுடையது என்று அந்தப் பெண் நினைக்கத் தொடங்கிவிட்டாள். எனக்குப் பணம் போனது பெரிதில்லை, இடம் போனதும் பெரிதில்லை. செய்யாத குற்றத்தைத் தலையில் சுமக்க வைத்துவிட்டார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மாணவர்களைச் சேர்க்கிற எல்லாரையும் கேட்கிறேன், அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும். '75 சதவீதம்' என்று பெரிய எழுத்தில் அச்சடிக்கிறீர்களே, அதன் கீழே ஐந்து வரி சேர்க்க என்ன செலவு? எந்தப் பாடங்கள், மொத்தம் எத்தனைக்கு எத்தனை, இரண்டு மொழி இருந்தால் எது எடுக்கப்படும், 74.67 வந்தால் 75 ஆகுமா ஆகாதா. வேறு வாரியத்து மதிப்பெண்ணை எப்படி ஒப்பிடுகிறீர்கள். இந்த ஐந்தையும் விண்ணப்பம் தருவதற்கு முன்பே, ஒரு மாதிரிக் கணக்கோடு போடுங்கள். படிப்புக்கு வேண்டியது கணிதமும் அறிவியலும் என்றால் அவற்றை மட்டும் பாருங்கள். மொழியும் வேண்டும் என்றால் ஐந்து பாடம் படித்தவனுக்கும் ஆறு பாடம் படித்தவளுக்கும் ஒரே எண்ணிக்கையில் பாடம் எடுங்கள். அரசும் ஒன்று செய்யலாம். 2006-ன் சூத்திரம் எழுதிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சென்டம் ஆயிரக்கணக்கில் விழுகிற இந்தக் காலத்தில் அது வேலை செய்கிறதா என்று உட்கார்ந்து பார்த்து, மாற்றுவதாக இருந்தால் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் சேருமுன் சொல்லிவிடுங்கள்.

அடுத்த ஆண்டு என்னைப்போல வரிசையில் நிற்கப்போகிற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சதவீதம் எத்தனை வேண்டும் என்று கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். எந்தப் பாடங்களைக் கூட்டுகிறீர்கள், எத்தனையால் வகுக்கிறீர்கள் என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிற இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.